இரணஜன்னி விஷமும் நரம்பின் நுண்பைகளும்

நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை வழியாகக் களியக்காவிளைக்குச் செல்லும் சாலையின் இருமருங்கிலும் வாழைத் தோட்டங்களும் மரச்சீனி விளைகளும் தென்னந்தோப்புகளும் ரப்பர் மரங்களும் அடுத்தடுத்துக் காணப்படுகின்றன. தமிழும் மலையாளமும் ஒருங்கே வழங்கும் இவ்வெல்லைக் கிராமங்களில், மண்ணுடன் நாள்தோறும் பழகுவோர் பலர். சாணமும் தொழுவுரமும் இட்டு வளம்படுத்திய மண் பயிருக்கு நல்லது. ஆயின், அம்மண்ணிலேயே இரணஜன்னிக் கிருமியின் வித்துக்களும் உறங்கிக் கிடக்கின்றன. இக்கிருமி கால்நடைகளின் குடலில் வாழ்ந்து சாணத்துடன் வெளியேறுகிறது. அதன் வித்துக்கள் வெயிலாலும் வறட்சியாலும் அழிவதில்லை; கொதிக்கும் நீரிலும் நெடுநேரம் பிழைத்திருக்கும் ஆற்றலுடையவை.

பிரசவத்தையொட்டித் தாய்க்கும் சேய்க்கும் நேரும் இரணஜன்னி, பொது சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இந்தியாவில் நீங்கிவிட்டதென 2015ஆம் ஆண்டில் உறுதி செய்யப்பட்டது. இது பெருஞ்சாதனையே. எனினும், அதனால் மண்ணிலுள்ள வித்துக்கள் அழிந்துவிடவில்லை. இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதன்று; ஆகவே ஊரிலுள்ளோர் அனைவரும் தடுப்பூசி பெற்றிருந்தாலும், பெறாத ஒருவரை அது காப்பதில்லை. அவர் மிதிக்கும் ஆணி அவரையே தாக்கும். அவ்வாணியுடன் உட்புகும் விஷம் உடலில் செய்வது யாது, காயத்துக்குப் பல நாட்கள் கழித்து நோய் தோன்றுவது ஏன், தோன்றிய பின் மருந்து தயங்குவது ஏன் என்பவற்றை நரம்பு முனையிலுள்ள சில புரதங்களின் வரலாறு தெளிவாக்குகிறது.

நரம்பு முனையில் நிகழ்வது

நரம்பணு ஒன்று மற்றொரு நரம்பணுவையோ தசையிழையையோ நேராகத் தொடுவதில்லை. இரண்டுக்கும் இடையே மிக நுண்ணிய இடைவெளி ஒன்றுண்டு. இவ்விடைவெளியை உள்ளிட்ட சந்திப்பே சினாப்ஸ் எனப்படுகிறது. நரம்பின் வழியே வரும் மின் துடிப்பு இவ்விடத்தில் நின்றுவிடுகிறது. அப்பால் செய்தியைக் கொண்டு செல்வது ஓர் இரசாயனப் பொருளாகும். தசையை இயக்கும் நரம்பில் அப்பொருள் அசிடைல்கோலின்.

அசிடைல்கோலின் நரம்பு முனையில் சிறு பைகளில் அடைக்கப்பட்டுள்ளது. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் இத்தகைய நுண்பைகளை இருபதினாயிரத்துக்குக் குறையாமல் வரிசையாக வைக்கலாம். ஒவ்வொன்றிலும் சில ஆயிரம் முதல் பதினாயிரம் வரை அசிடைல்கோலின் மூலக்கூறுகள் அடங்கியிருக்கின்றன. 1950களின் தொடக்கத்தில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பெர்னார்ட் காட்ஸ் என்பவரும் அவருடன் பணிபுரிந்தோரும் தவளையின் தசையில் மின்னளவுகளை எடுத்தனர். நரம்பைத் தூண்டாதபோதும் தசையில் மிகச் சிறிய மின் மாற்றங்கள் இடையிடையே தோன்றுவதை அவர்கள் கண்டனர். அவை ஏறக்குறைய ஒரே அளவினவாக இருந்தன. நரம்பைத் தூண்டியபோது தோன்றிய பெரிய மாற்றமும் அச்சிறு அளவின் மடங்காகவே அமைந்தது. கடையில் சில்லறையாக அளந்து கொடுக்காமல் பொட்டலம் பொட்டலமாகவே கொடுப்பது போன்று, நரம்பும் தன் தூதுப்பொருளைப் பொட்டலங்களாகவே வெளியிடுகிறது என்பது இதனால் புலனாயிற்று. இவ்வாராய்ச்சிக்காகக் காட்ஸ் 1970ஆம் ஆண்டின் நோபெல் பரிசில் பங்கு பெற்றார்.

பொட்டலம் எவ்வாறு பிரிக்கப்படுகிறது என்பது அடுத்த கேள்வி. நுண்பையின் சவ்வும் நரம்பு முனையின் வெளிச் சவ்வும் தாமாக ஒன்றோடொன்று இணைந்துவிடா. இரண்டின் மேற்பரப்பிலும் நீர் மூலக்கூறுகள் ஒட்டியிருப்பதுடன், ஒரே வகை மின்னூட்டமும் உள்ளது. அவற்றை நெருக்கிப் பிணைக்க விசை தேவை. அவ்விசையைத் தருபவை மூன்று புரதங்கள். சினாப்டோபிரெவின் என்பது நுண்பையில் வேரூன்றியுள்ளது. சின்டாக்சின், ஸ்நாப்-25 என்னும் மற்ற இரண்டும் நரம்பு முனையின் வெளிச் சவ்வில் உள்ளன. இம்மூன்றையும் சேர்த்து ஸ்நேர் புரதங்கள் என்பர்.

இவை செயற்படும் விதத்தைக் கயிறு திரிப்பதைக் கண்டோர் எளிதில் உணர்வர். சினாப்டோபிரெவின் ஓர் இழையையும், சின்டாக்சின் ஓர் இழையையும், ஸ்நாப்-25 இரண்டு இழைகளையும் தருகின்றன. இந்நான்கு இழைகளும் சவ்வுகளுக்குத் தொலைவிலுள்ள முனையிலிருந்து முறுக்கத் தொடங்கி, சவ்வை நோக்கி முறுக்கிக்கொண்டே வருகின்றன. ஓரிழையின் அடி நுண்பையிலும் மற்றவற்றின் அடி வெளிச் சவ்விலும் கட்டப்பட்டிருப்பதால், முறுக்கு ஏற ஏற இரு சவ்வுகளும் ஒன்றையொன்று நோக்கி இழுக்கப்படுகின்றன. முடிவில் அவை கலந்து ஒரு துளை திறக்கிறது. அசிடைல்கோலின் இடைவெளியில் கொட்டுகிறது. முறுக்கேறத் தொடங்கிய நிலையில் காத்திருக்கும் பைகளுக்கு இறுதி ஆணையைத் தருவது கால்சியம். மின் துடிப்பு முனையை அடைந்ததும் கால்சியம் உட்புகுகிறது. சினாப்டோடாக்மின் என்னும் புரதம் அதனை உணர்கிறது. இவையாவும் ஒரு விநாடியின் ஆயிரத்திலொரு பங்குக்குள் நிறைவேறுகின்றன. பணி முடிந்தபின் வேறு புரதங்கள் ஆற்றலைச் செலவிட்டு அம்முறுக்கை அவிழ்த்து, இழைகளை மீண்டும் பயன்படச் செய்கின்றன. இவ்வமைப்பைத் தெளிவுபடுத்திய ஜேம்ஸ் ராத்மன், ராண்டி ஷெக்மன், தாமஸ் சூடாஃப் ஆகிய மூவருக்கும் 2013ஆம் ஆண்டில் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இழையை அறுக்கும் கத்தரி

இரணஜன்னி விஷம் ஒரு புரதமே. அது பெரிதும் சிறிதுமாகிய இரு சங்கிலிகளால் ஆனது. பெரிய சங்கிலி நரம்பைக் கண்டறிந்து உட்புகும் வழியை அமைக்கிறது. சிறிய சங்கிலி, உள்ளே சென்றபின் விடுபட்டு வேலையைத் தொடங்குகிறது. அவ்வேலை யாதென்பது நெடுங்காலம் மறைபொருளாகவே இருந்தது. 1889இல் கிட்டசாட்டோ இக்கிருமியைத் தனியே வளர்த்துக் காட்டினார். அதன் பின் நூறாண்டுகளுக்கு மேல் கழித்தே, 1992இல், இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் ஜியாம்பியெட்ரோ ஸ்கியாவோ, செசாரே மான்டெகுக்கோ ஆகியோரும் அவர்தம் குழுவினரும் விடை கண்டனர். சிறிய சங்கிலி, துத்தநாக அணு ஒன்றைத் தன்னகத்தே கொண்ட ஒரு கத்தரி. அது வெட்டுவது சினாப்டோபிரெவினை.

வெட்டும் இடமும் திட்டமாக அறியப்பட்டுள்ளது. சினாப்டோபிரெவின் இழையில் அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோக்கப்பட்டுள்ளன. அவற்றுள் 76ஆவதான குளூட்டமினுக்கும் 77ஆவதான பினைல்அலனினுக்கும் இடையே உள்ள ஒரே பிணைப்பை விஷம் அறுக்கிறது. அறுபட்டபின் இழையின் பெரும்பகுதி நுண்பையிலிருந்து பிரிந்துவிடுகிறது. நுண்பையில் எஞ்சுவது ஒரு சிறு அடித்துண்டே. மற்ற இழைகள் எவ்வளவு முறுக்கினாலும் பை இழுபடுவதில்லை. தூதுப்பொருள் குறைவின்றி நிறைந்திருக்கிறது; மின் துடிப்பும் வருகிறது; கால்சியமும் புகுகிறது; ஆயினும் பொட்டலம் பிரிவதில்லை.

கத்தரி துணியை வெட்டுவதால் தேய்ந்து தீர்ந்துவிடுவதில்லை. அதுபோன்றே விஷத்தின் ஒரு மூலக்கூறு ஓரிழையை வெட்டியபின் அடுத்ததை நாடுகிறது. இதனாலேயே மிகச் சிறிய அளவும் உயிரைக் கொல்லப் போதுமானதாகிறது. ஒரு கிலோகிராம் உடல் எடைக்கு ஏறத்தாழ 2.5 நானோகிராம் விஷம் மனிதனுக்கு மரணத்தை விளைவிக்கக்கூடும் எனக் கணித்துள்ளனர். அறுபது கிலோகிராம் எடையுள்ளவருக்கு இது 150 நானோகிராம் ஆகும். ஒரு கிராமை அறுபது இலட்சத்துக்கு மேற்பட்ட பங்குகளாக்கினால் அவற்றுள் ஒரு பங்கே இவ்வளவு. இவ்வளவு சிறிய பொருளை உடலின் எதிர்ப்பு அமைப்பு கவனிப்பதுகூட இல்லை. ஆதலால் இந்நோய் ஒருமுறை வந்து பிழைத்தவருக்கும் மீண்டும் வரக்கூடும்; அவருக்கும் தடுப்பூசி தேவை.

ஒரே வெட்டு, எதிரெதிரான நோய்கள்

கெட்டுப்போன உணவில் தோன்றும் பொட்டுலினம் என்னும் விஷமும் இவ்வகையைச் சேர்ந்ததே. அதில் பல பிரிவுகள் உள்ளன. ஏ, ஈ ஆகிய பிரிவுகள் ஸ்நாப்-25 இழையை வெட்டுகின்றன. பி பிரிவோ, இரணஜன்னி விஷம் வெட்டும் அதே பிணைப்பை, அதே 76, 77ஆம் இடங்களுக்கு இடையே வெட்டுகிறது. கத்தரி ஒன்றே, இழையும் ஒன்றே. எனினும் நோய்கள் முற்றிலும் முரண்பட்டவை. பொட்டுலினத்தால் தசைகள் தளர்ந்து துவள்கின்றன. 1996இல் குஜராத்தின் விடுதிப் பள்ளி ஒன்றில் சேவு தின்ற 34 மாணவர்களுக்கு இத்தகைய நோய் கண்டு, மூவர் உயிரிழந்தனர். இரணஜன்னியிலோ தசைகள் கல்லைப்போல் இறுகி, உடல் வில்லாக வளைகிறது. இது எவ்வாறு நிகழ்கிறது?

இதற்கு விடை வெட்டப்படும் இடத்தில் இல்லை. விஷம் சென்றடையும் இடத்தில் உள்ளது. பொட்டுலினம் தசையை ஒட்டிய நரம்பு முனையிலேயே தங்கி, அசிடைல்கோலின் வெளிவருவதைத் தடுக்கிறது. தசைக்கு ஆணை கிடைப்பதில்லை. இரணஜன்னி விஷமும் அதே முனையில்தான் புகுகிறது. ஆனால், அது அங்கு நில்லாமல், நரம்பின் உட்புறமாக மேல்நோக்கிப் பயணம் செய்து முதுகுத்தண்டை அடைகிறது. அங்கு இயக்க நரம்பணுவை விட்டு வெளியேறி, அதனை அடக்கியாளும் அண்டை நரம்பணுவினுள் புகுந்துகொள்கிறது.

அடக்கும் நரம்பணுவின் பணியை வகுப்பறையிலேயே காட்டலாம். மாணவன் ஒருவனை மேசையின் அடிப்பலகையைக் கையால் மேல்நோக்கித் தூக்குமாறு செய்து, அவனது மேற்கையின் முன்புறத்தையும் பின்புறத்தையும் அமுக்கிப் பார்க்கச் சொல்லுதல் வேண்டும். முன்தசை இறுகியிருக்கும், பின்தசை மென்மையாக இருக்கும். ஒரு தசை சுருங்கும்போது எதிர்த்தசை தளரவேண்டும் என்ற ஆணையை முதுகுத்தண்டிலுள்ள அடக்கும் நரம்பணுக்கள் கிளைசின், காபா என்னும் தூதுப்பொருள்களின் மூலம் அனுப்புகின்றன. இந்நரம்பணுக்களின் சினாப்டோபிரெவினை விஷம் வெட்டிவிட்டால் கிளைசின் வெளிவருவதில்லை. கடிவாளம் அறுபட்ட மாடு போன்று இயக்க நரம்பணு ஓயாது துடிக்கிறது. முன்தசை, பின்தசை இரண்டும் ஒருங்கே இறுகுகின்றன. சிறு ஓசையோ, வெளிச்சமோ, தொடுகையோ உடல் முழுவதையும் இழுப்பில் ஆழ்த்துகிறது.

எல்லைக் கிராமத்தார் நன்கறிந்த எட்டிக்காயின் நஞ்சும் இதைப்போன்ற இழுப்பையே உண்டாக்குகிறது. அந்நஞ்சு கிளைசின் வெளிவருவதைத் தடுப்பதில்லை. வெளிவந்த கிளைசினை ஏற்கும் இடத்தை அடைத்துவிடுகிறது. அனுப்புவோர் வாயை அடைத்தாலும், கேட்போர் காதை அடைத்தாலும் செய்தி போய்ச் சேராது. ஆனால் எட்டி நஞ்சால் வரும் இழுப்பு உட்கொண்ட சிறிது நேரத்திலேயே தோன்றும். இழுப்புகளுக்கு இடையே தசைகள் தளர்ந்துவிடும். இரணஜன்னியில் நோய் நாட்கணக்கில் வளர்கிறது. இழுப்பு ஓய்ந்த நேரத்திலும் தசைகள் விறைப்பாகவே உள்ளன.

ஒரு காயத்தின் நாட்கணக்கு

பாறசாலையை அடுத்த ஒரு விளையில் வாழைக்குழி வெட்டும் ஐம்பத்தைந்து வயதினர் ஒருவரின் பாதத்தில் துருவேறிய கம்பித்துண்டு ஆழமாகக் குத்திவிட்டது என வைத்துக்கொள்ளலாம். குருதி அதிகம் வரவில்லை. அவர் காப்பித்தூளை அப்பித் துணியால் கட்டிக்கொண்டு வேலையைத் தொடர்கிறார். துருவில் தீங்கு எதுவுமில்லை. கம்பியுடன் உட்சென்ற மண்ணில்தான் தீங்கு உள்ளது. ஆழமான, குறுகிய காயத்தில் காற்று புகுவதில்லை. நசுங்கிய திசுவுக்குப் பிராணவாயு கிட்டுவதில்லை. பிராணவாயு இல்லாத இடமே இக்கிருமியின் வித்து முளைப்பதற்கு ஏற்றது. பெரிதாகக் குருதி கொட்டிய வெட்டுக்காயத்தைவிட இவ்வற்பக் காயம் கொடியதாவது இதனாலேயாகும்.

முளைத்த கிருமி விஷத்தைச் சுரக்கிறது. அதில் ஒரு பகுதி அருகிலுள்ள நரம்புகளில் புகுகிறது; மற்றொரு பகுதி குருதியில் கலந்து உடலெங்கும் பரவி, எல்லா இயக்க நரம்புகளின் முனைகளையும் அடைகிறது. நரம்பினுள் விஷம் செல்லும் வேகம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 75 முதல் 250 மில்லிமீட்டர். பாதத்திலிருந்து முதுகுத்தண்டு வரை ஒரு மீட்டர் எனக் கொண்டால் பயணத்துக்கு 4 முதல் 13 நாட்கள் ஆகும். தாடைத் தசையின் நரம்போ மிகக் குறுகியது. அதன் வழியே ஓரிரு நாட்களில் மூளையின் அடித்தண்டை எட்டிவிடலாம். காயம் பாதத்தில் இருந்தபோதிலும் நோய் முதலில் தாடையில் வெளிப்படுவது இதனாலேயே. காயத்துக்கும் முதல் குறிக்கும் இடையே பெரும்பாலும் 3 முதல் 21 நாட்கள் செல்கின்றன. இடைவெளி குறைவாயின் நோய் கடுமையாக இருக்கும் என்பது மருத்துவர்களின் அனுபவம்.

மேற்சொன்னவர் எட்டாம் நாள் காலையில் பல் துலக்க வாயைத் திறக்க இயலாமல் வருந்துகிறார். கழுத்து பிடித்துக்கொண்டுள்ளது; விழுங்குவது கடினமாக உள்ளது. காயமோ ஏறக்குறைய ஆறிவிட்டது; அதனை அவர் மறந்தும் விடுகிறார். பல்வலி என்றோ, வாயுப்பிடிப்பு என்றோ கருதி ஓரிரு நாட்கள் வீணாவது இக்கட்டத்தில்தான். களப்பணியாளர் கவனிக்கவேண்டிய குறிகள் சிலவே. வாய்க்குள் நோயாளியின் மூன்று விரல்கள் அடுக்காக நுழையுமளவுக்குத் திறப்பு இருக்கிறதா? வயிற்றுத்தசை பலகைபோல் இறுகியுள்ளதா? காய்ச்சலில் பிதற்றுவதுபோலன்றி அறிவு தெளிவாக இருக்கிறதா? கடந்த மூன்று வாரங்களில் காயம் ஏதும் பட்டதா? இவற்றுக்குரிய விடைகள் ஐயத்தை எழுப்பினால், உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்.

மருத்துவர் ஓர் எளிய சோதனையால் ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். மழுங்கிய தட்டைக்குச்சியால் தொண்டையின் பின்புறத்தைத் தொட்டால் இயல்பாகக் குமட்டல் உண்டாகும். இரணஜன்னி உள்ளவரோ குமட்டுவதற்குப் பதிலாகக் குச்சியைக் கடித்துக்கொள்வார். அடக்கும் ஆணை இல்லாததால் வாயைத் திறக்கும் தசையை மீறி மூடும் தசை வென்றுவிடுகிறது. பம்பாயில் ஆப்டே, கர்நாட் ஆகிய மருத்துவர்கள் 1995இல் வெளியிட்ட ஆய்வில், 400 நோயாளிகளிடம் இச்சோதனை செய்யப்பட்டது. இரணஜன்னி இருந்தோரில் நூற்றுக்கு 94 பேரை இது காட்டிக்கொடுத்தது; இந்நோய் இல்லாதோர் எவரிடமும் இது தவறான விடையைத் தரவில்லை.

மருந்து தயங்குவது ஏன்?

இந்நிலையில் விஷமுறிவு மருந்து ஊசியாகச் செலுத்தப்படுகிறது. அது நரம்புக்கு வெளியே குருதியிலும் திசுக்களிலும் திரியும் விஷத்தைப் பற்றிச் செயலிழக்கச் செய்யும். நரம்பினுள் புகுந்துவிட்ட விஷத்தை அதனால் எட்ட முடியாது. வெட்டுண்ட இழையை ஒட்டவைக்கவும் முடியாது. ஆகவே அது இனி நேரவிருக்கும் வெட்டுக்களைக் குறைப்பதே அன்றி, நேர்ந்தவற்றை மாற்றுவதன்று. நரம்பணு புதிய சினாப்டோபிரெவினைத் தயாரித்து, பழுதடைந்த சந்திகளைச் சீர்செய்துகொள்ளும்வரை காத்திருப்பதே வழி. இதற்குப் பல வாரங்கள் தேவை. அதுவரை அமைதியான இருண்ட அறையும், தசையைத் தளர்த்தும் மருந்துகளும், மூச்சுத்தசைகள் இறுகும்போது செயற்கைச் சுவாசமும் நோயாளியைக் காக்கின்றன. பிழைத்தவரின் நரம்புகள் பெரும்பாலும் முழு நலம் பெறுகின்றன. ஏனெனில் விஷம் நரம்பணுவைக் கொல்வதில்லை, அதன் வாயை மட்டுமே அடைக்கிறது.

தடுப்பூசி செயற்படுவது இதற்கு முந்திய கட்டத்தில். பார்மலினால் நச்சுத்தன்மை நீக்கப்பட்ட விஷமே தடுப்பூசியாகும். 1920களில் பிரான்ஸில் காஸ்தோன் ரமோன் இம்முறையை வகுத்தார். இது உடலில் உண்டாக்கும் எதிர்ப்பொருள், விஷம் நரம்பு முனையை அடையுமுன்னரே அதனைப் பிடித்துவிடுகிறது. கிராமங்களில் நிலவும் ஒரு தவறான கருத்து இங்கே திருத்தப்பட வேண்டும். காயம்பட்ட அன்று போடும் ஓர் ஊசி போதுமென்று பலர் நம்புகின்றனர். ஒருபோதும் தடுப்பூசி பெறாதவரின் உடலில் போதிய எதிர்ப்பொருள் ஓர் ஊசியால் உடனே தோன்றிவிடாது. விஷம் அதற்குள் நரம்பில் ஏறிவிடக்கூடும். முன்னரே மூன்று தவணைகளை முடித்தவருக்கு அவ்வூசி, உறங்கும் நினைவை எழுப்புவதுபோல் விரைவில் பயன்தரும். மண்படிந்த காயமாயின், கடைசி ஊசி ஐந்தாண்டுக்கு முற்பட்டதாக இருந்தால் மறு ஊசி போடுவது முறை. தவணைகள் முடியாதோருக்கும், முடிந்தனவா எனத் தெரியாதோருக்கும், அத்தகைய காயத்தில் தடுப்பூசியுடன் விஷமுறிவு மருந்தும் வேறோர் இடத்தில் செலுத்தப்பட வேண்டும்.

இந்தியாவின் தடுப்பூசித் திட்டத்தில் குழந்தைக்கு 6, 10, 14 வாரங்களிலும், பின்னர் ஒன்றரை வயதளவிலும், 5 முதல் 6 வயதிலும், அடுத்து 10, 16 வயதுகளிலும் இப்பாதுகாப்பு அளிக்கப்படுகிறது. கருவுற்ற பெண்களுக்கும் ஊசி உண்டு. இப்பட்டியலை நோக்கினால் இடைவெளி எங்குள்ளது என்பது விளங்கும். பதினாறு வயதுக்குப்பின் ஆண்களுக்குத் தவணை எதுவுமில்லை. மகப்பேற்றுக் காலத்தைக் கடந்த மூதாட்டியரின் நிலையும் அதுவே. இத்திட்டம் வருமுன் பிறந்த முதியோரில் சிலர் முதல் தவணையையே பெறாதோராக இருக்கலாம். மண்வெட்டி பிடிப்போரும், கால்நடை வளர்ப்போரும், ரப்பர் பால் வெட்டுவோரும் பெரும்பாலும் இவ்வயதினரே.

காயம் பட்டவுடன் செய்யத்தக்கது கடினமன்று. சோப்பும் நிறைய நீரும் கொண்டு கழுவுதல் வேண்டும். மண்ணும் சிராயும் நசுங்கிய திசுவும் நீக்கப்பட வேண்டும். சாணம், சாம்பல், காப்பித்தூள் ஆகியவற்றை அப்பிக் காற்றை அடைக்கலாகாது. கிராமத்துக்குச் செல்லும் பணியாளர் வாழைக்குழியருகே நிற்பவரிடம் கடைசி ஊசி எப்போது போட்டீர்கள் என்று கேட்கலாம். நினைவில்லை என்பதே விடையானால், காயம் படும் நாளுக்குக் காத்திராமல் அவருக்கு முதல் தவணையைத் தொடங்குவதே தக்கது.